124 ஒளியாண்டு தூரத்துல ஒரு கடல் வாசனை?

2025 ஏப்ரல்ல ஒரு நியூஸ் பரபரப்பா ஓடுச்சு, ஞாபகம் இருக்கா? "வேறொரு கிரகத்தில் உயிருக்கான அறிகுறி"ன்னு. அன்னைக்கு எனக்கு மட்டும் நாலு பேர் அந்த லிங்க்கை அனுப்பி, "நிஜமா?"ன்னு கேட்டாங்க. அதுக்கான பதில்தான் இந்த எபிசோட்.

அந்தக் கிரகத்தோட பேர் கே2-18பி. சிம்ம ராசி நட்சத்திரக் கூட்டத்துல, நம்மகிட்ட இருந்து 124 ஒளியாண்டு தூரத்துல இருக்கு. பூமியை விட சுமார் 2.6 மடங்கு அகலம். ஒரு சின்ன சிவப்பு நட்சத்திரத்தை 33 நாளுக்கு ஒரு தடவை சுத்தி வருது. இதை நேரா படம் எடுத்துப் பார்க்க முடியாது. அப்புறம் அதோட காத்துல என்ன இருக்குன்னு எப்படிச் சொல்றாங்க?

ஒரு நாணயத்தைக் கற்பனை பண்ணிக்கோங்க. அதோட விளிம்பைச் சுத்தி சிவப்பு கண்ணாடித்தாளை வளையம் மாதிரி ஒட்டியிருக்கோம். பின்னாடி இருந்து சிவப்பு லைட் அடிச்சா, வெளிச்சம் தாளுக்குள்ள புகுந்து வந்துடும். நிழல் நாணயத்தோட அளவுதான் இருக்கும். நீல லைட் அடிச்சா, தாள் அதைத் தடுத்துடும். அதனால நிழல் பெருசாத் தெரியும். நாணயம் அதேதான், ஆனா நிறத்துக்குத் தகுந்த மாதிரி நிழலோட சைஸ் மாறுது.

இங்க நாணயம்தான் கிரகம், கண்ணாடித்தாள் அதோட வளிமண்டலம். கிரகம் தன் நட்சத்திரத்துக்கு முன்னாடி கடந்து போகும்போது, நமக்கு வர்ற வெளிச்சம் கொஞ்சம் குறையும். கே2-18பி விஷயத்துல ஆயிரத்துல மூணு பங்கு. அந்த வெளிச்சத்தை நிறம் நிறமாப் பிரிச்சு, ஒவ்வொரு நிறத்துலயும் எவ்வளவு குறையுதுன்னு தனித்தனியா அளக்குறாங்க. மீத்தேன் சில குறிப்பிட்ட அகச்சிவப்பு நிறங்களை விழுங்கும். கார்பன் டை ஆக்சைடு வேற சிலதை. எந்தெந்த நிறத்துல கிரகம் கொஞ்சம் 'பெருசா'த் தெரியுதோ, அதை வச்சு எந்த வாயுன்னு கண்டுபிடிக்கலாம்.

கேட்க ஈஸியா இருக்கு. ஆனா அந்த 'கொஞ்சம்'ங்கிறது மொத்த வெளிச்சத்துல பத்தாயிரத்துல ஒரு பங்கு, சில நேரம் அதுக்கும் கீழ. இங்கதான் தப்பு நடக்க இடம் இருக்கு.

இதே கிரகத்துலயே அது நடந்துச்சு. 2019-ல ஹப்பிள் தொலைநோக்கியோட தரவை வச்சு, இங்க நீராவி இருக்குன்னு சொன்னாங்க. 2023-ல ஜேம்ஸ் வெப் இன்னும் அகலமான நிறப்பட்டையில பார்த்தப்போ, மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் தெளிவாத் தெரிஞ்சது. நீராவின்னு நினைச்சது மீத்தேனா இருந்திருக்கு! ஹப்பிள் பார்த்த குறுகலான பகுதியில ரெண்டோட தடமும் கிட்டத்தட்ட ஒரே இடத்துல விழுது. பக்கத்துல இருக்கிற நிறங்களையும் பார்த்தாதான் பிரிச்சுச் சொல்ல முடியும்.

இப்ப 2025-க்கு வருவோம். கேம்பிரிட்ஜ்ல நிக்கு மதுசூதன் தலைமையிலான குழு, வெப்போட இன்னொரு கருவியை வச்சுப் பார்த்து, டைமெத்தில் சல்ஃபைடு, இல்லைன்னா அதோட நெருங்கிய உறவான இன்னொரு கந்தக வாயு இருக்கலாம்னு சொன்னாங்க. பூமியில டைமெத்தில் சல்ஃபைடு பெரும்பாலும் கடல்ல மிதக்கிற நுண்ணுயிர்கள்கிட்ட இருந்துதான் வருது. கடல் வாசனைன்னு நாம சொல்றதுல அதுக்கும் ஒரு பங்கு உண்டு. அதனாலதான் அவ்வளவு பரபரப்பு.

இங்க ரெண்டு கேள்வியைப் பிரிச்சுக் கேட்கணும். முதல் கேள்வி: அந்த வாயு நிஜமா இருக்கா? அவங்க சொன்ன உறுதி, மூணு சிக்மா. அப்படி எந்தத் தடமுமே இல்லைன்னாலும், வெறும் இரைச்சலே இப்படி ஒரு கோட்டை வரைய சுமார் 0.3 சதவீத வாய்ப்பு இருக்குன்னு அர்த்தம். கண்டுபிடிப்புன்னு ஏத்துக்க வழக்கமா அஞ்சு சிக்மா கேட்பாங்க. அதே தரவை வேற குழுக்கள் எடுத்துப் பார்த்தப்போ, வேற வாயுக்களும் பொருந்துச்சு. ஒரு ஆய்வுல, எந்த வாயுவும் இல்லாத நேர்கோடே போதும்னு வந்துச்சு. ஒரே ஒரு கடப்பை வச்சு எடுத்த தரவு அது.

ரெண்டாவது கேள்வி: இருந்தாலும், அது உயிர்கிட்ட இருந்துதான் வந்துச்சா? 67பிங்கிற வால்நட்சத்திரத்துல இதே வாயுவோட தடம் கிடைச்சிருக்கு. ஆய்வகத்துல, எந்த உயிரும் இல்லாம, சாதாரண வாயுக்கள் மேல புற ஊதா ஒளியை அடிச்சே இதை உண்டாக்கிக் காட்டியிருக்காங்க.

அதனால என் நண்பர்களுக்கு நான் அனுப்பின பதில் இதுதான்: "மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு நிஜம். கடல் வாசனை இன்னும் சந்தேகம். உயிர்ங்கிறது அதுக்கும் அடுத்த படி." அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.