இரண்டு கோப்பைக்கு ஒரு கோப்பை ஈடா?

ஒரு கோப்பை காம்ப்ளானில் இருக்கும் புரதம், இரண்டு கோப்பை ஹார்லிக்ஸில் இருக்கும் புரதத்துக்குச் சமம். இப்படிச் சொன்ன ஒரு டி.வி. விளம்பரத்துக்கு 2020-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தடை போட்டது. கணக்கு பொய்யா? இல்லை. அதனால்தான் விளம்பர வாசகங்களைச் சரிபார்க்கும் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த வழக்கு நல்ல பாடம்.

அன்றைய பாக்கெட்டில் சொன்னபடி ஒரு கோப்பைக்கு காம்ப்ளான் 33 கிராம் போட வேண்டியிருந்தது, ஹார்லிக்ஸ் 27 கிராம். காம்ப்ளானில் 100 கிராமுக்கு 18 கிராம் புரதம் இருந்தது, ஹார்லிக்ஸில் 11 கிராம். பெருக்கிப் பாருங்கள். 33 கிராம் காம்ப்ளானில் 5.94 கிராம் புரதம். இரண்டு கோப்பை ஹார்லிக்ஸ், அதாவது 54 கிராம், அதிலும் 5.94. தசமம்கூடப் பிசகவில்லை.

ஆனால் எடைக்கு எடை வைத்தால் 18-க்கு 11. ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அதை இரண்டு மடங்காக்கியது கோப்பையில் போடும் தூளின் அளவு. ஒரு கோப்பை என்றால் வீட்டில் பார்ப்பவர் இரண்டிலும் ஒரே அளவு தூள் என்றுதான் நினைப்பார்.

இதே ஒப்பீடு செய்தித்தாளில் வந்தபோது, 2018-ல் அதே நீதிமன்றம் தடுக்க மறுத்திருந்தது. அச்சில் கிராம் கணக்கு கூடவே இருந்தது, வாசகர் நிதானமாகப் படித்துக்கொள்ளலாம். டி.வி. விளம்பரம் ஓடியதோ சில நொடிகள். கிராம் கணக்கைக் குரல் சொல்லவில்லை. திரையின் அடியில் பொடி எழுத்தில் ஓடி மறைந்தது. வாசகம் ஒன்றுதான், ஊடகம் மாறியதும் தீர்ப்பும் மாறிவிட்டது.

ஆகவே ஒப்பிடும் வரி கைக்கு வந்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எதற்கு எது?" கோப்பைக்குக் கோப்பையா, கிராமுக்குக் கிராமா, ரூபாய்க்கு ரூபாயா? அந்த அளவுகோலை எழுதியவர் ஏன் தேர்ந்தெடுத்தார்? தமக்குச் சாதகமாக இருந்ததால் மட்டும் என்றால், வரியை மாற்றத்தான் வேண்டும். "100 கிராமுக்கு 18 கிராம் புரதம், அதில் 11" என்று எழுதினால் விற்பனைப் பிரிவு முகம் சுளிக்கும். சுளிக்கட்டும். அந்த வரியை யாரும் கோர்ட்டில் அசைக்க முடியாது.

அடுத்து, பொடி எழுத்துக் குறிப்பைக் காகிதத்தில் படித்துத் திருப்திப்படக் கூடாது. விளம்பரத்தை டி.வி.யில் ஓடவிட்டு, விஷயம் தெரியாத ஒருவரைப் பார்க்கச் சொல்லி, என்ன புரிந்தது என்று கேட்க வேண்டும். குரல் தமிழிலும் குறிப்பு ஆங்கிலத்திலும் இருந்தால் அங்கேயே நிறுத்தலாம். எந்த மொழியில் ஒன்றைச் சொல்கிறீர்களோ அதே மொழியில்தான் குறிப்பும் வர வேண்டும் என்கின்றன, 2022-ல் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள். டப்பிங் செய்த விளம்பரங்களில் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான்.

போட்டியாளர் பெயரைச் சொல்வதே குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையாக, நேர்மையாக ஒப்பிட்டால் பெயர் சொல்லலாம். மாறாக, பெயரை விட்டுவிட்டதால் தப்பித்தோம் என்றும் இருந்துவிட முடியாது. தொண்ணூறுகளில் கிவி ஷூ பாலிஷ் விளம்பரத்தில் இன்னொரு பாட்டில் வந்தது. பெயர் இல்லை, ஒரு சிவப்புப் புள்ளி மட்டும். அது எங்கள் செர்ரி பிளாசம்தான் என்று அதன் உரிமையாளர்கள் டெல்லி உயர் நீதிமன்றம் போனார்கள், தடையும் வாங்கினார்கள். அதனால் வாசகத்தோடு நிறம், மூடி, பாட்டில் வடிவம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்னும் நுணுக்கமானது, ஒப்பீடு என்றே தோன்றாத ஒப்பீடு. கால்சியம், ஃபுளோரைடு, டிரைக்ளோசான் மூன்றும் உள்ள "ஒரே" பற்பசை, முழுப் பாதுகாப்பு தரும் "முதல்" பற்பசை என்று ஆங்கர் சொன்னது. யாரையும் பெயர் சொல்லித் தாக்கவில்லை. கோல்கேட் வழக்குப் போட, 2008-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த இரண்டு சொற்களையும் தடுத்தது. பொய்யாக இருந்தாலும் தன் சரக்கே உலகில் உசத்தி என்று வியாபாரி சொல்லிக்கொள்ளலாம் என்று அதற்கு முன் கல்கத்தா உயர் நீதிமன்றம் கருதியிருந்தது. வாங்குகிறவரை அது ஏமாற்றுமா என்ற கேள்வியைச் சென்னை முன்னே வைத்தது. எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. "சிறந்த" என்பது தற்பெருமை. "ஒரே" என்பதைக் கடைக்குப் போய்ப் பார்த்தே பொய்யா மெய்யா என்று சொல்லிவிடலாம்.

கடைசியாக ஆதாரம். போட்டியாளரின் இணையதளத்திலிருந்து எடுத்த எண் போதாது. கடையில் பில்லோடு பாக்கெட்டை வாங்கி, அதன் தயாரிப்புத் தேதியோடு கோப்பில் வைக்க வேண்டும். அவர் கலவையை மாற்றிப் புதுப் பாக்கெட் இறக்கிய அன்றைக்கே நம் வரி பொய்யாகிவிடும். ஆட்டோ முதுகிலும் ஹோர்டிங்கிலும் அது பாட்டுக்கு நின்றுகொண்டிருக்கும். அதனால் விளம்பரம் ஓடும்வரை, சில வாரங்களுக்கு ஒருமுறை அந்தப் பாக்கெட்டை மறுபடி வாங்கிப் பார்ப்பதும் இந்த வேலையில் சேர்த்திதான்.