இரவின் உபாதைகள் – 7: நித்திரை கொள்ளாத கால்களும் இரும்பின் சேமிப்பும்

இரவில் காலினால் நித்திரை கெடுகிறவர்கள் இரு வகையினர். அவ்விரு வகையினரும் மருந்துக்கடையில் கால் உளைவு என்ற ஒரே முறைப்பாட்டைச் சொல்லி, ஒரே மக்னீசியம் குளிசையை வாங்கிச் செல்வதும், சில வாரம் விழுங்கிப் பார்த்துவிட்டுப் பயனில்லை என்று வேறொரு குளிசைக்கு மாறுவதும் திருகோணமலை நகரிலும் கிண்ணியா, மூதூர்ப் பக்கங்களிலும் சாதாரணமான சங்கதியாகிவிட்டன. பணம் வீணாவது ஒரு புறமிருக்க, உண்மையான காரணம் பல மாதங்கள் மறைந்து கிடப்பதே இதிலுள்ள பெரிய நஷ்டம்.

முதல் வகையினருக்கு வருவது பிடிப்பு, அதாவது குரக்குவலி. பகல் முழுதும் துறைமுகத்தில் நின்றோ, கரைவலை இழுத்தோ களைத்தவர் ஆழ்ந்து உறங்கும்போது கெண்டைக்கால் தசை திடீரெனச் சுருண்டு கல்லைப்போல் இறுக, அலறி விழித்து, பாதத்தின் முன்பகுதியைக் கையால் முழங்காலை நோக்கி இழுத்துப் பிடித்தவுடன் அது மெல்லத் தளர்ந்து, மறுநாட் காலையிலும் அவ்விடத்தில் நோவு மிஞ்சியிருக்குமானால், அது பிடிப்பேயன்றி வேறில்லை. இரண்டாம் வகையினரின் வேதனை வேறு. தசை இறுகுவதில்லை, தொட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரிவதுமில்லை. காலை அசைத்தே ஆகவேண்டும் என்னும் அடக்கவியலாத உந்துதல், எறும்பு ஊர்வது போலவோ உள்ளே இழுப்பது போலவோ ஓர் அவஸ்தையுடன் சாயங்காலத்துக்குப் பின் தலைதூக்கி, அமர்ந்தாலும் படுத்தாலும் மிகுந்து, எழுந்து நடந்தால் நடக்கும் வரைக்கும் தணிந்து, திரும்பப் படுத்ததும் மீளவும் வருகிறது. கொழும்புக்குச் செல்லும் இரவுப் புகையிரதத்தில் ஆசனம் கிடைத்தும் அதில் இருக்க முடியாமல் வழிநெடுகப் பெட்டிக்குள் உலாவுகிறவரிடம் விசாரித்தால், அநேகமாக இந்த வர்ணனையே கிடைக்கும்.

1672ஆம் ஆண்டிலேயே தோமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில வைத்தியர் இந்த அமைதியின்மையை எழுதிவைத்தார். 1945இல் சுவீடன் தேசத்து நரம்பியல் வைத்தியர் எக்பொம், இதனைத் தனியொரு நோயாக வரையறுத்து, அமைதியற்ற கால்கள் என்ற பெயரையும் சூட்டினார். அவருக்குப் பின் சில ஆண்டுகளில் அதே தேசத்தைச் சேர்ந்த நோர்ட்லண்டர் என்பவர், நோயாளிகளின் நாளத்தில் இரும்பு மருந்தை ஏற்றி அநேகருக்குச் சுகம் காணச் செய்தார். கால் நோய்க்கு இரும்பு எங்ஙனம் மருந்தாகும் என்று திகைக்க வேண்டியதில்லை. மூளையில் அசைவை ஒழுங்குபடுத்தும் டோபமீன் என்னும் இரசாயனத்தைத் தயாரிக்க இரும்பு அவசியம்; அந்த இரசாயனத்தின் செயற்பாடு இயல்பாகவே இரவில் தாழ்கிறது; இரும்பும் குறைந்திருந்தால் குறை இரட்டிக்கிறது. பிற்கால ஆராய்ச்சிகள் இந்நோயாளிகளின் மூளையில் இரும்பு குறைந்திருப்பதைக் காட்டியிருக்கின்றன. இரத்தத்தில் அது ஓரளவு இருக்கும்போதுகூட மூளைக்குப் போதாமற் போகலாம் என்பதே அவற்றால் நாம் அறிவது.

ஆகவே பரிசோதிக்க வேண்டியது ஹீமோகுளோபின் மாத்திரமன்று. ஹீமோகுளோபின் அன்றாடம் உலையில் ஏறும் அரிசியானால், ஃபெரிட்டின் வீட்டுக் குதிரில் இருக்கும் நெல். குதிர் வெறுமையாகிப் பல மாதங்கள் சென்ற பின்பும் உலை கொதித்துக்கொண்டிருக்கலாம். ஹீமோகுளோபின் நல்ல நிலையில் இருக்கிறது, ஆகவே இரும்புக் குறைவில்லை என்று சொல்லி அனுப்பப்படுகிறவர்களின் கால்கள் இரவில் துடிப்பதன் மர்மம் இதுவே. ஃபெரிட்டினைப் பரிசோதித்த பின்பும் ஒரு கண்ணி எஞ்சியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம், வேறு நோயில்லாத வயதுவந்தோரில் லீற்றருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழ்ப்பட்ட ஃபெரிட்டினையே இரும்புக் குறைபாடு என்கிறது; ஆய்வுகூடத் தாள்களில் அச்சிட்டிருக்கும் சாதாரண எல்லையும் ஏறக்குறைய அவ்விடத்திலேயே தொடங்குகிறது. ஆனால் அமைதியற்ற கால்களுக்குச் சிகிச்சை செய்வோரின் சர்வதேச வழிகாட்டல், ஃபெரிட்டின் 75 அல்லது அதற்குக் கீழிருந்தாலே இரும்பு கொடுத்துப் பார்க்கலாம் என்கிறது. 15க்கும் 75க்கும் இடைப்பட்ட அந்த நீண்ட வெளியில்தான் ‘சாதாரணம்’ என்ற முத்திரையுடன் மிகப் பலர் திருப்பியனுப்பப்படுகிறார்கள்.

விளக்கத்துக்காக ஒரு பெண்மணியைக் கற்பனை செய்துகொள்வோம். வயது நாற்பது; மூன்று பிள்ளைகளின் தாய்; மாதவிடாய் சற்று அதிகம்; உணவு முடிந்த கையோடு பிளேன்டீ இல்லாமல் ஒரு வேளையும் கழிவதில்லை; தும்மலுக்கும் சொறிக்கும் பிரிட்டன் குளிசை அடிக்கடி எடுப்பவர். மாலையில் தொலைக்காட்சிக்கு முன் உட்கார்ந்தால் கால் உந்துகிறது, நடந்தால் நிற்கிறது. ஹீமோகுளோபின் 12.2, ஃபெரிட்டின் 19, இரண்டும் தாளின் எல்லைக்குள் இருப்பதால் நட்சத்திரக் குறியேதும் இல்லை. எனினும் இந்த 19 என்பது அவருடைய கால்களுக்குப் போதாத தொகை. இவருக்குப் பிரிட்டனை நிறுத்துவதே முதல் வேலை. ஏனெனில் நித்திரையைத் தரும் அந்தப் பழைய வகை ஒவ்வாமைக் குளிசைகளும், வாந்தியை நிறுத்தும் மெற்றோகுளோப்பிரமைட்டும், சில மனச்சோர்வு மருந்துகளும் இந்த அவஸ்தையைப் பெருக்குவன. (மனச்சோர்வுக்கான மருந்தை எவரும் தாமாக நிறுத்தலாகாது, வைத்தியரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும்.) அடுத்து, வைத்தியரின் ஆலோசனையுடன் 200 மில்லிகிராம் ஃபெரஸ் சல்பேற் குளிசை, அதில் உண்மையான இரும்பு சுமார் 65 மில்லிகிராம். அதை வெறும் வயிற்றில் தேசிக்காய்ச் சாற்றோடு, நாளுக்கு ஒன்றாகவோ ஒருநாள் விட்டு ஒருநாளோ எடுத்தால் போதும். கூடுதலாக விழுங்கினால் வயிறு கலங்குமேயன்றி, குடல் அதற்கேற்ப உறிஞ்சுவதில்லை. தேநீரிலுள்ள துவர்ப்புச் சத்து இரும்பைப் பிணைத்துவிடுவதால், குளிசைக்கும் உணவுக்கும் அண்மையில் தேநீரைத் தவிர்த்து, ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடித்தல் வேண்டும். சேமிப்பு ஒரு வாரத்தில் நிறைவதன்று. சுமார் மூன்று மாதம் கழித்து மீண்டும் ஃபெரிட்டின் பார்த்தே தொடர்வதா நிறுத்துவதா என்று தீர்மானிக்கலாம். அதிக மாதவிடாய்க்கான வைத்தியமும் சேர்ந்தே நடக்கவேண்டும். ஓட்டையை அடைக்காமல் ஊற்றுவதில் பிரயோஜனமில்லை.

இதே 19 ஓர் ஐம்பத்தைந்து வயதுத் தொழிலாளியின் தாளில் வந்தால் அர்த்தம் முற்றிலும் மாறுகிறது. மாதவிடாய் இல்லாத ஒருவரின் இரும்பு எங்கே போயிற்று? மூட்டு நோவுக்கு வருடக்கணக்கில் விழுங்கிய டைக்ளோபெனக்கினால் இரைப்பையில் புண் உண்டாகி இரத்தம் கசியலாம். குடலிலே புற்றுநோய் இருக்கலாம். அவர் கடையில் இரும்பு வாங்கிக் குடித்து ஹீமோகுளோபினைச் சரிசெய்துகொண்டால், அந்த எச்சரிக்கை மணியைத் தாமே நிறுத்திவிட்டவர் ஆவார். இரும்பை வாங்குமுன் பரிசோதிக்க வேண்டும் என்று நாம் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இதுவே தலையாய காரணம்.

ஃபெரிட்டின் பொய் சொல்லும் வேளையும் உண்டு. உடலில் அழற்சியோ தொற்றோ இருக்கையில், சேமிப்பு வெறுமையாக இருந்தாலும் ஃபெரிட்டின் எண் உயர்ந்து நிற்கும். டெங்குவில் அது வெகுவாக உயர்வது வைத்தியர்கள் அறிந்ததே. 2017இன் தொடக்கத்தில் கிண்ணியாவை உலுக்கிய டெங்குவைப் போன்றதொரு காய்ச்சற் காலத்தில் எடுத்த ஃபெரிட்டினைக் கொண்டு எதையும் தீர்மானிக்கலாகாது. காய்ச்சல் நீங்கிச் சில வாரங்கள் சென்ற பின், முந்தின நாள் இரும்புக் குளிசை எடுக்காமல், காலையில் வெறும் வயிற்றோடு இரத்தம் கொடுப்பதே முறை. அதனுடன் ட்ரான்ஸ்ஃபெரின் நிறைவு வீதத்தையும் பார்த்தால் சந்தேகம் தெளியும். மறுபுறத்தில், ஹீமோகுளோபின் சற்றுக் குறைந்தும் செங்குருதிக் கலங்கள் சிறுத்தும் இருப்பவர் எல்லோரும் இரும்புக் குறைவுள்ளவர் அல்லர். தலசீமியாப் பண்பைத் தாங்கியவர்களின் இரத்த அறிக்கையும் அவ்வாறே தோன்றும். அவர்களுக்கு ஃபெரிட்டின் பாராமல் வருடக்கணக்கில் இரும்பு கொடுப்பது, நிறைந்த இடத்தில் மேலும் கொட்டி ஈரலைப் பழுதாக்கும் வேலையாகும்.

இனி மக்னீசியம். உடலிலுள்ள மக்னீசியத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவானதே இரத்தத்தில் ஓடுகிறது. மற்றதெல்லாம் எலும்பிலும் தசையிலும் இருக்கிறது. ஆகையால் இரத்தப் பரிசோதனையில் லீற்றருக்கு ஏறக்குறைய 0.7 மில்லிமோலுக்குக் கீழ் கண்டால் குறைவு நிச்சயம். சாதாரணமாக இருந்தால் அவ்வளவு உறுதியாகச் சொல்லமுடியாது. ஆனாலும், முதியோரின் இரவுப் பிடிப்புக்கு மக்னீசியம் கொடுத்துச் செய்த பரீட்சைகளையெல்லாம் திரட்டி 2020இல் வெளிவந்த கொக்ரேன் மதிப்பாய்வு, அதனால் குறிப்பிடத்தக்க நன்மை இருப்பதற்கில்லை என்றே முடிவு கூறுகிறது. மக்னீசியத்தைப் பரிசோதிக்க நியாயம் உள்ளவர்கள் சிலரே: நீடித்த வயிற்றோட்டம் உடையவர், மதுபானத்துக்கு அடிமையானவர், சிறுநீரைப் பெருக்கும் குளிசை எடுப்பவர், ஒமிப்பிரசோலை வருடக்கணக்கில் விழுங்குகிறவர். இவர்களிடம் குறைவு கண்டால் கொடுக்கத்தான் வேண்டும்.

திருகோணமலை மாவட்டத்துக்கு இதில் ஒரு தனி ஆபத்து உண்டு. காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் வடமத்திய மாகாணத்தோடு நின்றுவிடாமல் எமது மாவட்டத்தின் பதவிசிறிபுரவையும் பற்றியிருக்கிறது. பழுதுபட்ட சிறுநீரகம் மிகுதியான மக்னீசியத்தை வெளியேற்ற இயலாதது. அது இரத்தத்தில் தேங்கினால் தசை தளரும், இரத்த அழுத்தம் விழும், மிஞ்சினால் சுவாசமும் இதயத் துடிப்பும் தடுமாறும். அதே சிறுநீரக நோய்தான் அமைதியற்ற கால்களையும் பிடிப்பையும் உண்டாக்குவது என்பதால், மக்னீசியம் எவருக்கு அதிகத் தீங்கு செய்யுமோ அவரே அதை வாங்க ஓடுகிறவராகிறார். கிரியற்றினின் பரிசோதனை பெரிய செலவன்று. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களும் அதைக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்.

பிடிப்புக்காரருக்குக் குளிசையைவிடப் பயனுள்ளது படுக்குமுன் கெண்டைக்காலை நீட்டிவிடும் பயிற்சி. சுவரில் கையூன்றி, குதிகால் நிலத்திலிருந்து எழாமல் முன்னே சாய்ந்து, சில விநாடி நின்று, சில தடவை திரும்பச் செய்தல் போதுமானது. ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோரிடையே 2012இல் வெளியான ஓர் ஒல்லாந்துப் பரீட்சையில் ஆறு வாரத்தில் பிடிப்புகள் குறைந்தன. மலேரியாக் காலத்திலிருந்து நம்மவர்க்குப் பழக்கமான குயினைன் பிடிப்பைக் குறைப்பது மெய்யே. எனினும் இரத்தத் தட்டுக்களையும் இதயத்தையும் தாக்கக்கூடியதாகையால் அதைத் தாமாக வாங்கி உண்ணக்கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாகி நோவதும், நடந்தால் வலித்து நின்றால் ஆறுவதும் இவ்விரு வகையிலும் சேராதவை; அவற்றுக்குக் காத்திராமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

இதை வாசிக்கும் கால் நோயாளரே, அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது நீங்கள் எடுக்கும் குளிசைகள் எல்லாவற்றையும் ஒரு பையிலிட்டுக் கொண்டுபோய், நடந்தால் தணிகிறதா, இழுத்துப் பிடித்தால் தணிகிறதா என்பதைச் சொல்லி, ஃபெரிட்டினும் கிரியற்றினினும் எழுதித் தரும்படி கேளுங்கள்; அறிக்கை வந்ததும் ‘சாதாரணம்’ என்ற சொல்லோடு திருப்தியடையாமல், ஃபெரிட்டினின் எண் எவ்வளவு என்று கேட்டு, அதை உங்கள் கிளினிக் கொப்பியில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.