கடை வடிவமும் அமைவிடத் தெரிவும்

கடை அமைவிடத் தெரிவு என்பது சில்லறை வணிகர் ஒருவர் தமது கடையை எவ்விடத்தில் திறப்பது என முடிவு செய்யும் முறையாகும். இது கடையின் வடிவத்தைச் சார்ந்தது. மளிகைக் கடை, தள்ளுபடி விலைக் கடை, துணிக்கடை, பேரங்காடி ஆகிய ஒவ்வொன்றும் வெவ்வேறு வகை இடத்தை நாடுகின்றன. சென்னையின் தென் புறநகரான தாம்பரமும் அதனைச் சூழ்ந்த பகுதிகளும் இவ்வேறுபாட்டைக் காண ஏற்றவை.

வாடகையும் விற்பனையும்

ஒரே கடைக்கு இரண்டு இடங்கள் கிடைப்பதாகக் கொள்வோம். கடையின் பரப்பு 1,500 சதுர அடி. முதன்மைச் சாலையில் சதுர அடிக்கு மாத வாடகை 120 ரூபாய். உட்தெருவில் 50 ரூபாய் (இவை கணக்கிற்காக எடுத்துக்கொள்ளப்பட்ட எண்கள்). மொத்த வாடகை முறையே 1,80,000 ரூபாயும் 75,000 ரூபாயும் ஆகும். வேறுபாடு 1,05,000 ரூபாய்.

கொள்முதல் விலை போக விற்பனையில் மிஞ்சும் பங்கு மளிகைக் கடைக்கு 15% எனில், இவ்வேறுபாட்டை ஈடுகட்ட முதன்மைச் சாலைக் கடை மாதந்தோறும் 7 இலட்சம் ரூபாய்க்குக் கூடுதலாக விற்க வேண்டும். துணிக்கடைக்கு அப்பங்கு 35% எனில் 3 இலட்சம் போதும். தள்ளுபடி கொடுத்துவிட்டு 7% மட்டுமே மிஞ்சும் கடைக்கோ 15 இலட்சம் தேவை. குரோம்பேட்டையில் பெரிய துணிக்கடைகள் ஜி.எஸ்.டி. சாலையைப் பார்த்தபடி இருப்பதற்கும், அண்ணாச்சி கடைகள் குடியிருப்புத் தெருமுனைகளில் இருப்பதற்கும் இக்கணக்கு ஒரு முக்கியக் காரணம். மளிகைக் கடைக்கு வருவோர் பெரும்பாலும் அக்கம்பக்கத்தார். கடை இருக்குமிடம் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். சாலையில் விரைந்து செல்லும் கூட்டத்தால் அதற்குப் பெரும் பயனில்லை.

சுபிக்‌ஷா

இக்கணக்கைத் தனது வணிக முறையாகவே கொண்ட நிறுவனம் சுபிக்‌ஷா. 1997-ஆம் ஆண்டு சென்னைத் திருவான்மியூரில் இதன் முதற்கடை திறக்கப்பட்டது. முதன்மைச் சாலையைத் தவிர்த்துச் சற்று உள்ளடங்கிய இடம், சிறிய பரப்பு, குளிர்சாதன வசதியின்மை ஆகியவற்றால் செலவைக் குறைத்து, மளிகையையும் மருந்தையும் அச்சிட்ட விலைக்குக் குறைவாக விற்றது. ஒரு பெரிய கடைக்குப் பதிலாகக் குடியிருப்புகள்தோறும் பல சிறு கடைகள் என்பது அதன் திட்டம்.

பின்னர் பிற மாநிலங்களிலும் மிக விரைவாகப் பரவிய இந்நிறுவனம், கையிருப்புப் பணம் வற்றியதால் 2009-இல் கடைகளை மூடியது. தோல்விக்கு அமைவிடம் காரணமன்று; கடன்சுமையும் அளவுமீறிய விரிவாக்கமுமே காரணங்கள். ஆயினும் உட்தெருக் கடையின் பலவீனம் ஒன்று அப்போது வெளிப்பட்டது. சரக்கு வராமல் அடுக்குகள் வெறுமையானபோது வாடிக்கையாளர் மீண்டும் அண்ணாச்சி கடைக்குத் திரும்பினர். அவர்களது இடத்தை நிரப்ப வழிப்போக்கர் கூட்டம் அத்தெருக்களில் இல்லை.

இருப்புப்பாதை என்னும் எல்லை

ஒரு கடையின் வாடிக்கையாளர்களுள் பெரும்பாலோர் வசிக்கும் பகுதி அதன் வணிகப் பரப்பு எனப்படும். நிலப்படத்தில் கடையை மையமாக வைத்து ஒரு கிலோமீட்டர் வட்டம் வரைவது மாணவர்களின் வழக்கம். தாம்பரத்தில் இது பிழையாகும். இருப்புப்பாதை ஊரைக் கிழக்குத் தாம்பரம், மேற்குத் தாம்பரம் என இரண்டாகப் பிரிக்கின்றது. நேர்க்கோட்டில் 300 மீட்டரே உள்ள வீட்டிலிருந்தும், நடைமேம்பாலத்தையோ சுரங்கப்பாதையையோ தேடிச் சுற்றித்தான் வரவேண்டும். அரிசிப் பையுடன் அதைச் செய்வோர் சிலரே. ஆகவே வட்டத்தின் ஒரு பாதியை ஏறக்குறைய நீக்கிவிட்டு, நடைநேரத்தால் பரப்பை அளத்தல் வேண்டும். கடை திறந்த பின்பு, வீட்டிற்குக் கொண்டு சேர்க்கும் பொருட்களின் முகவரிகளைப் படத்தில் புள்ளியிட்டால் உண்மைப் பரப்பு தெரியவரும்.

வேளச்சேரியில் 2013-இல் திறக்கப்பட்ட பீனிக்ஸ் மார்க்கெட்சிட்டி போன்ற பேரங்காடிக்கு இத்தடை பொருட்டன்று. அங்கே செல்வதே பயணத்தின் நோக்கம் என்பதால் மக்கள் பல கிலோமீட்டர் கடந்து வருகின்றனர்.

வழிப்போக்கரை நம்பும் கடைகள்

பழக்கடை, பூக்கடை, தேநீர்க்கடை ஆகியன தொடர்வண்டி நிலையத்திலிருந்து பேருந்து நிறுத்தத்திற்குச் செல்லும் நடைவழியில் அமைகின்றன. இங்கு மொத்தக் கூட்டத்தை எண்ணுவது போதாது. எத்திசையில், எந்நேரத்தில் என்பதும் வேண்டும். காலையில் வண்டியைப் பிடிக்க ஓடுபவர் காய்கறி வாங்குவதில்லை. மாலையில் வீடு திரும்புபவரே வாங்குகின்றார்.

இவ்வகைக் கடைகளின் இடர், கூட்டம் வேறிடம் பெயர்வது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்ட பின், தென்மாவட்டப் பேருந்துகள் அங்கிருந்து புறப்படலாயின. வெளியூர்ப் பயணிகளை நம்பிய கடைக்கு இது நேரடி இழப்பு. தெருமுனை மளிகைக் கடையின் வாடிக்கையாளரோ எங்கும் செல்லவில்லை. இதனால் நெடுங்காலக் குத்தகையில் கையொப்பமிடுமுன், எதிரே நிற்கும் கூட்டம் வீடுகளால் உருவானதா, ஒரு பேருந்து நிறுத்தத்தால் உருவானதா எனப் பிரித்தறிதல் அமைவிட ஆய்வின் முதற்படியாகக் கொள்ளத்தக்கது.