கையொப்பமிடுமுன் கேட்கவேண்டிய மூன்று கேள்விகள்

ஒரு மாலைப்பொழுதில், முன்னர் எம்மிடம் கற்ற மாணவர் ஒருவர் கையில் ஒரு கடிதத்துடன் வீடு தேடி வந்தார். கொழும்பிலுள்ள தனியார் நிறுவனமொன்று அவரைக் கணக்குப் பிரிவின் மேற்பார்வையாளராக நியமிக்க முன்வந்திருந்தது. சம்பளம் இப்போது பெறுவதிலும் பார்க்க ஒன்றரை மடங்கு. “சேர், இன்றைக்கே கையொப்பமிட்டு அனுப்பிவிடட்டுமா?” என்றார்.

கடிதத்தை வாங்கி வாசித்தோம். சம்பளம், விடுமுறை, ஆறு மாதத் தகுதிகாண் காலம் ஆகியவை தெளிவாக இருந்தன. எத்தனை பேரை மேற்பார்வை செய்வது, யாருக்குப் பொறுப்புச் சொல்வது, முதல் மூன்று மாதங்களில் எதைச் செய்து முடிப்பது என்பவை பற்றி ஒரு வரிதானும் இல்லை. அவரோ நான்கு ஆண்டுகள் இருந்த உத்தியோகத்தை விட்டுச் செல்ல இருப்பவர். வீட்டுக் கடன் தலைமேல் உள்ளவர். தகுதிகாண் காலத்தில் “வேலை போதாது” என்று அனுப்பிவிட்டால் திரும்பிச் செல்ல இடமில்லை.

இவற்றைக் கேட்பதற்கு உகந்த வேளை, கடிதம் கைக்கு வந்த பின்னரும் கையொப்பமிடுவதற்கு முன்னருமே. அதற்கு முன் நாம் பலருள் ஒருவர். அதற்குப் பின் நாம் வாக்குக் கொடுத்துவிட்டவர். கேட்கவேண்டியவரும் ஆளணிப் பிரிவினர் அல்லர்; நாளாந்தம் வேலை வாங்கப்போகும் முகாமையாளரே. மாணவர் அவருடன் தொலைபேசியில் அரைமணி நேரம் பேச அனுமதி பெற்றார்.

முதற் கேள்வி ஆட்தொகை பற்றியது. “எத்தனை பேர்?” என்று மட்டும் கேட்டால், “நான்கு பேர்” என்ற விடை வரும். அது தாளில் உள்ள தொகை. “இன்று கதிரையில் இருப்பவர் எத்தனை பேர்? வெற்றிடங்கள் எப்போது நிரப்பப்படும்?” என்று கேட்கும்படி கூறினோம். உண்மை வெளிப்பட்டது. இருப்பவர் இருவர் மட்டுமே. மூன்று கிளைகளின் மாதக் கணக்கை அடுத்த மாதத்தின் ஐந்தாவது வேலைநாளில் முடித்துக் கொடுக்கவேண்டும். நான்கு பேர் செய்த வேலையை இருவர் செய்வதாயின், மேற்பார்வையாளர் மேற்பார்வை செய்யார். இரவிரவாகப் பற்றுச்சீட்டுகளைப் பதிந்துகொண்டிருப்பார்.

இரண்டாவது, யாருக்குக் கீழ் என்பது. முகாமையாளர் நிதிப் பணிப்பாளரின் பெயரைச் சொன்னார். ஆனால் “என் விடுமுறையை அனுமதிப்பவர் யார்? நாளாந்தம் வேலை தருபவர் யார்? ஆண்டு முடிவில் என்னை மதிப்பிட்டு எழுதுபவர் யார்?” என்று பிரித்துக் கேட்டபோது, கிளைகளின் முகாமையாளர்களும் நேரே வேலை ஏவுவதுண்டு என்பது தெரிந்தது. இந்த மூன்றுக்கும் ஒரே பெயர் வந்தால் நன்று. வெவ்வேறு பெயர்கள் வந்தால், இரு வேலைகள் ஒரே நாளில் மோதும்போது எவர் சொல் நிற்கும் என்பதையும் கேட்டறிய வேண்டும்.

மூன்றாவது, முதல் தொண்ணூறு நாட்கள். “எல்லாவற்றையும் சீர்செய்யவேண்டும்” என்றே விடை வந்தது. இதுவே அபாய அறிகுறி. எல்லாமும் எதிர்பார்க்கப்படும் இடத்தில் எதைச் செய்தாலும் குறை காணலாம். ஆகவே மாணவர் தாமே ஒரு திட்டம் வரைந்து கொடுத்தார். முதல் முப்பது நாட்களில் பேரேடுகளைக் கற்று, ஒரு மாத முடிவை உடனிருந்து பார்ப்பது. அறுபதாம் நாளுக்குள் ஒரு மாத முடிவைத் தாமே நடத்துவது. தொண்ணூறாம் நாளுக்குள் ஒரு கிளையின் பழைய நிலுவைகளைத் தீர்ப்பது. மூன்று கிளைகளையும் தீர்க்கவேண்டும் என்றார் முகாமையாளர். “வெற்றிடம் இரண்டும் நிரம்பினால் முடியும், நிரம்பாவிடின் ஒன்றுதான்” என்று பணிவாகச் சொன்னார் இவர். மறுமுனையில் சற்று மௌனம்; பின் சம்மதம்.

அன்று மாலையே, பேசியவற்றைச் சுருக்கி, “நான் விளங்கிக்கொண்டது சரிதானா?” என்று மின்னஞ்சல் அனுப்பினார். “சரி” என்று பதில் வந்தது. யாருக்குக் கீழ் என்ற வரி மட்டும் நியமனக் கடிதத்திலேயே சேர்க்கப்பட்டது.

இவை யாவும் முழுக் காப்பல்ல. அந்த முகாமையாளரே நாளை விலகக்கூடும். வெற்றிடம் நிரம்பாமலும் போகலாம். எனினும், மூன்றாம் மாதத்தில் “ஏன் ஒரு கிளை மட்டும்?” என்று ஒருவர் கேட்டால், எடுத்துக் காட்ட ஒரு தாள் உண்டு. கேள்வி கேட்டதற்காகக் கோபித்து நியமனத்தை மீட்கும் நிறுவனமாயின், அது தன் விடையைத் தந்துவிட்டதென்றே கொள்ளலாம்.

மாணவர் ஐந்து நாட்கள் பொறுத்துக் கையொப்பமிட்டார். இப்போது கொழும்பில் இருக்கிறார். வெற்றிடங்களுள் ஒன்று நிரம்பிவிட்டதாம். மற்றதை மாதந்தோறும் நினைவூட்டி வருகிறாராம்.