ஒரு டேங்க் தண்ணீர் எவ்வளவு?

ஈ.பி. பில் எகிறினால் எங்கள் வீட்டில் முதலில் திட்டு வாங்குவது போர் மோட்டார்தான். உண்மையில் அது எவ்வளவு இழுக்கிறது என்று சென்ற ஆண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

சுவரில் மாட்டிய கன்ட்ரோல் பாக்ஸில் 1 எச்.பி., 0.75 கிலோவாட் என்று இருக்கிறது. அதை அப்படியே நம்பிக் கணக்குப் போட்டால் குறைவாகத்தான் வரும். பம்பைச் சுழற்ற மோட்டார் வெளியே தரும் சக்தி அது. சுருளிலும் பேரிங்கிலும் சூடாகக் கழிந்துபோவதற்கும் சேர்த்துத்தான் கரண்ட் இழுக்கிறது. பில் வருவது அந்த மொத்தத்துக்கு.

மொத்தத்தை மீட்டரிலேயே பார்க்கலாம். எங்கள் மீட்டரில் 3200 imp/kWh என்று அச்சாகியிருக்கிறது. சிவப்பு விளக்கு 3200 முறை மின்னினால் ஒரு யூனிட். ஃப்ரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மோட்டாரை மட்டும் ஓடவிட்டு எண்ணினேன்: நிமிடத்துக்கு 59. மணிக்கு 3540, 3200ஆல் வகுத்தால் 1.1 யூனிட். உங்கள் மீட்டரில் வேறு எண் இருந்தால் அதால் வகுக்க வேண்டும்.

ஆயிரம் லிட்டர் டேங்க் நிரம்ப 40 நிமிடம். ஒரு டேங்குக்கு 0.73 யூனிட். தினம் ஒரு டேங்க் என்றால் இரண்டு மாத பில்லில் 44 யூனிட்.

இந்த 44ஐ எந்த விலையால் பெருக்குவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். தமிழகத்தில் 2024 ஜூலை கட்டணப்படி 201 முதல் 400 வரை யூனிட்டுக்கு 4.70 ரூபாய். மோட்டாரின் யூனிட்டுகள் அந்தப் படிக்குள் அடங்கினால் டேங்குக்கு மூன்றரை ரூபாய்தான். ஆனால் வீட்டின் மற்ற செலவே 470 யூனிட் என்று வையுங்கள். மோட்டார் இல்லாவிட்டால் 1,616 ரூபாய். மோட்டாரும் சேர்ந்து 514 ஆனால் பில் 2,157 ரூபாயைத் தாண்டும். காரணம், 500ஐத் தாண்டிய யூனிட்டுக்கு 8.40 ரூபாய் என்பது மட்டுமல்ல. 101 முதல் 200 வரை இருந்த 2.35 ரூபாய் சலுகையும் பறிபோய் அதுவும் 4.70 ஆகிவிடுகிறது. இப்போது அதே டேங்க் ஒன்பது ரூபாய்.

வாட்டை நம்மால் குறைக்க முடியாது. கவனிக்க வேண்டியது நிமிடத்தை. குழாய் இணைப்பில் கசிந்தாலும், இம்பெல்லர் தேய்ந்தாலும், போரில் தண்ணீர் இறங்கினாலும் முதலில் நீள்வது நிரம்பும் நேரம்தான். ஆகவே சுவிட்சுக்குப் பக்கத்துச் சுவரில் மாதம் ஒருமுறை பென்சிலால் எழுதிவைக்கிறேன். மே மாதம் 52 நிமிடம். மழைக்குப் பிறகு, டிசம்பரில் 41. அது இறங்காமல் 52லேயே நின்றிருந்தால் பம்பைத் தூக்கிப் பார்க்க ஆள் கூப்பிட்டிருப்பேன்.