பணிப்பதிவேட்டின் பழைய பக்கங்கள்

பென்ஷன் தாள்கள் ஓய்வு பெறும் மாதத்தில் தயாராகின்றன என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு ஓய்வூதிய விதிகள் சொல்வது வேறு. அடுத்த 15 மாதங்களுக்குள் ஓய்வு பெறப்போகிறவர்களின் பட்டியலை ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதி எடுக்க வேண்டும். ஓராண்டுக்கு முன்பே பணிப்பதிவேட்டைச் சரிபார்க்கத் தொடங்க வேண்டும். ஆறு மாதத்துக்கு முன்பு ஊழியர் படிவத்தைக் கொடுத்துவிட வேண்டும். நான்கு மாதத்துக்கு முன்பு முழுக் கருத்துருவும் கணக்கு அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த வரிசையில் பின்னால் வருகிற வேலைகள் எளிதானவை. முதலில் வருகிற பணிப்பதிவேட்டில்தான் பெரும்பாலான கருத்துருக்கள் சிக்குகின்றன.

2004 ஜனவரி 1-க்கு முன் பணியில் சேர்ந்து பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர்களைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன். அதற்குப் பின் சேர்ந்தவர்களுக்குத் திட்டமும் தாள்களும் வேறு. தமிழக அரசு ஊழியர்களுக்கு 1978-ஆம் ஆண்டு விதிகள் உண்டு; அவர்களுடைய கருத்துரு சென்னை தேனாம்பேட்டையில் உள்ள மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குப் போகிறது. ஆனால் பணிப்பதிவேடு சரியில்லாவிட்டால் அங்கேயும் கருத்துரு திரும்பித்தான் வரும்.

எடுத்துக்காட்டாக, 1965 மே மாத நடுவில் பிறந்து, 1993 ஜூன் 1 அன்று எழுத்தராகச் சேர்ந்த ஒரு பெண் ஊழியரை வைத்துக்கொள்வோம். 60 வயது நிறைகிற மாதத்தின் கடைசி நாளான 2025 மே 31 அன்று அவருக்கு ஓய்வு. கடைசி அடிப்படைச் சம்பளம் 60,400 ரூபாய். அப்போதைய அகவிலைப்படி 55 சதவீதம், அதாவது 33,220 ரூபாய். இரண்டும் சேர்ந்து 93,620 ரூபாய்.

இவருடைய பதிவேட்டை 2024 மே மாதத்தில் நிர்வாகப் பிரிவு கையில் எடுக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் சம்பளப் பட்டியலோடு ஒப்பிட்டு, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பணி சரிபார்க்கப்பட்டது என்று எழுதி, அலுவலகத் தலைவர் கையெழுத்திட்டிருக்க வேண்டும். புரட்டிக்கொண்டே வரும்போது 1997 ஜூன் முதல் 1999 மே வரை அந்தச் சான்று இல்லை. அந்த இரண்டு ஆண்டும் அவர் வேறோர் ஊர் அலுவலகத்தில் வேலை பார்த்தார். மாற்றலாகித் திரும்பியபோது பதிவேடும் திரும்பி வந்தது. ஆனால் அங்கே யாரும் சான்று எழுதவில்லை. இங்கேயும் யாரும் கேட்கவில்லை.

இதனால் நேரக்கூடிய இழப்பைக் கணக்கிட்டே சொல்லிவிடலாம். பணிக்கொடை என்பது ஒவ்வோர் ஆறு மாதப் பணிக்கும் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் கால் பங்கு. அதிகபட்சம் பதினாறரை மடங்கு. இவருடைய 32 ஆண்டுப் பணியில் 64 அரையாண்டுகள். ஆக 16 மடங்கு, 14,97,920 ரூபாய். இரண்டு ஆண்டு விடுபட்டால் 15 மடங்குதான், 14,04,300 ரூபாய். யாரோ எழுத மறந்த ஒரு வரிக்காக ஒரு மாதச் சம்பளம் அகவிலைப்படியோடு சேர்த்துப் போய்விடும். மத்திய அரசில் பத்தாண்டுப் பணி இருந்தாலே கடைசிச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியமாகக் கிடைக்கும் என்பதால், இவருடைய மாத ஓய்வூதியத்துக்கு மட்டும் பாதிப்பில்லை.

இந்தக் குறையைச் சரிசெய்ய விதியிலேயே வழி இருக்கிறது. பழைய அலுவலகத்துக்கு எழுதி, அந்த ஆண்டுகளின் சம்பளப் பட்டியலையோ பட்டுவாடாப் பதிவேட்டையோ பார்த்துச் சான்று கேட்பது முதல் படி. அந்தத் தாள்கள் அழிந்துபோயிருந்தால், அந்தக் காலத்தில் தான் பணியில் இருந்ததாக ஊழியரே வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுக்கலாம். மாற்றல் உத்தரவு, பொறுப்பேற்ற அறிக்கை, உடன் வேலை பார்த்தவர்களின் சாட்சியம் என்று கையில் கிடைப்பதை அதோடு இணைக்க வேண்டும். அவற்றைப் பார்த்து ஏற்றுக்கொள்ளும் அதிகாரம் அலுவலகத் தலைவருக்கு உண்டு. ஆனால் 26 ஆண்டுக்கு முன் உடன் வேலை பார்த்தவரைத் தேடிப் பிடிப்பதற்கு மாதங்கள் ஆகும். ஓராண்டு அவகாசம் தந்திருப்பது இதற்காகத்தான்.

இப்படிக் கடைசி நேரத்தில் தவிக்காமல் இருக்க இன்னொரு ஏற்பாடும் உண்டு. 18 ஆண்டுப் பணி முடிந்ததும் ஒரு முறை, ஓய்வுக்கு ஐந்து ஆண்டு இருக்கும்போது இன்னொரு முறை, தகுதியான பணிக்காலம் இவ்வளவு என்று அலுவலகம் ஊழியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தத் தாள் தன்னிடம் இருக்கிறதா என்று பணியில் இருக்கும் ஒவ்வொருவரும் இன்றே பார்த்துக்கொள்வது நல்லது. இல்லையென்றால் கேட்டு வாங்கலாம்.

சம்பளமில்லா விடுப்பு, தற்காலிகப் பணிநீக்கம், வேலைநிறுத்த நாள்கள் ஆகியவற்றையும் இதே கட்டத்தில் முடித்துவிட வேண்டும். விடுப்பு எடுத்தது பதிவாகியிருக்கும். அது பணிக்காலத்தில் சேருமா சேராதா என்ற உத்தரவு பதிவாகியிருக்காது. உத்தரவு எண்ணும் தேதியும் எழுதப்பட்ட பிறகுதான் கணக்கு அலுவலகம் கேள்வி கேட்காது.

பழைய சம்பள நிர்ணயத்தில் தவறு இருந்து, ஓய்வு நெருங்கும்போது அது வெளிப்படுவதும் உண்டு. சம்பளச் சரிபார்ப்பை ஓய்வுக்கு முந்தைய 24 மாதங்களோடு நிறுத்திக்கொள்ளும்படி விதி சொல்வது, முப்பது ஆண்டுக் கணக்கையும் கிளறி ஓய்வூதியத்தைத் தாமதப்படுத்தக் கூடாது என்பதற்காகத்தான். தவறாகக் கூடுதலாகத் தரப்பட்ட பணத்தைத் திரும்பப் பிடிப்பதற்கும் எல்லை உண்டு. ஓராண்டுக்குள் ஓய்வு பெறப்போகிறவரிடமிருந்து அப்படிப் பிடிக்கக் கூடாது என்று 2014 டிசம்பரில் ரஃபீக் மசீஹ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மூன்றாம், நான்காம் பிரிவு ஊழியர்களுக்கும் அதே பாதுகாப்பைக் கொடுத்தது. ஓய்வு மாதத்தில் அப்படி ஒரு பிடித்தம் வந்தால் பேசாமல் கையெழுத்திட வேண்டியதில்லை.

பதிவேடு சீரான பிறகு படிவம். முன்பு தனித்தனியாக ஒன்பது படிவங்கள் இருந்தன. 2024 டிசம்பர் முதல் ஓய்வு பெறுபவர்களுக்கு அவை எல்லாம் 6-ஏ என்ற ஒரே படிவமாகி, பவிஷ்யா என்ற இணையதளத்தில் நிரப்பப்படுகின்றன. நம் எடுத்துக்காட்டில் வரும் ஊழியர் 2024 நவம்பர் முடிவதற்குள் இதைக் கொடுத்துவிட வேண்டும். வங்கிக் கணக்கு, முகவரி, நியமனதாரர், மருத்துவ வசதி, கம்யூட்டேஷன் விருப்பம் என்று எல்லாம் இதிலேயே வருகின்றன. நிரப்புவது ஒரு மணி நேர வேலை. ஆனால் இரண்டு இடங்களில் நின்று யோசிக்க வேண்டும்.

ஒன்று கம்யூட்டேஷன். ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை, அதிகபட்சம் 40 சதவீதத்தை, முன்கூட்டியே மொத்தத் தொகையாக வாங்கிக்கொள்வது இது. இவருடைய ஓய்வூதியம் 30,200 ரூபாய். அதில் 40 சதவீதம் 12,080. அதை 12 மாதத்தாலும், 61-ஆவது பிறந்தநாளை எதிர்நோக்கும் வயதுக்கான 8.194 என்ற காரணியாலும் பெருக்கினால் ஏறத்தாழ 11,87,800 ரூபாய் கையில் கிடைக்கும். மாதாமாதம் வருவது 18,120 ஆகக் குறையும். விட்டுக்கொடுத்த பகுதி 15 ஆண்டுக்குப் பிறகு திரும்ப வரும். அகவிலை நிவாரணம் மட்டும் எப்போதும் முழு 30,200-க்கும் கணக்கிடப்படும். ஓய்வு பெற்று ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மருத்துவப் பரிசோதனை தேவையில்லை. வீட்டுக் கடன் முடிக்க வேண்டியவருக்கு இது உதவும். பணத்தேவை இல்லாதவர், எல்லோரும் வாங்குகிறார்கள் என்பதற்காக அந்தக் கட்டத்தில் குறியிட வேண்டாம் என்பேன்.

இரண்டாவது குடும்ப விவரம். ஓய்வூதியர் இறந்த பிறகு யாருக்குக் குடும்ப ஓய்வூதியம் போகும் என்பது இந்தத் தாளைப் பார்த்துத்தான் முடிவாகும். மணமான மகள், சம்பாதிக்கும் மகன், மாற்றுத்திறனாளிப் பிள்ளை என்று அனைவரையும் எழுத வேண்டும். இப்போது தகுதி இல்லை என்பதற்காக யாரையும் விட்டுவிடக் கூடாது. மகள் பிற்காலத்தில் கணவரை இழந்து வந்தால், பதிவேட்டில் அவர் பெயர் இருப்பது பெரிய துணை. தானாகச் சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால், பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே மருத்துவச் சான்றைக் கொடுத்து, குடும்ப ஓய்வூதியத்துக்கு முன் ஒப்புதல் வாங்கி, ஆணையிலேயே பெயரைச் சேர்த்துவிடலாம். பெற்றோர் போன பிறகு அந்தப் பிள்ளை அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க முடியாது. இந்த முழு வேலையிலும் தவறவே விடக் கூடாதது இதுதான் என்று நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் இந்த இடத்தில் முதலெழுத்தால் ஒரு தொல்லை வரும். திருமணத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த பெண்ணின் பெயர் பதிவேட்டில் தந்தையின் முதலெழுத்தோடு இருக்கும். ஆதாரில் கணவர் பெயர் விரிவாகத் தொடரும். வங்கிக் கணக்கில் மூன்றாவது விதமாக இருக்கும். பதிவேட்டில் வசந்தி, ஆதாரில் வசந்தா என்றிருந்தாலும் அதே தடைதான். கணவன் அல்லது மனைவியின் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும். 80 வயதில் குடும்ப ஓய்வூதியம் 20 சதவீதம் கூடுவது அந்தத் தேதியை வைத்துத்தான். எல்லா ஆவணத்தையும் பதிவேட்டின் அருகில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு, வேறுபாட்டை ஓராண்டுக்கு முன்பே திருத்த வேண்டும்.

கருத்துரு போனபின் அலுவலகத்துக்கு மிஞ்சுவது சில சில்லறை வேலைகள். வைப்பு நிதிச் சந்தா ஓய்வுக்கு மூன்று மாதம் முன்பே நிற்கும். அரசுக் குடியிருப்பில் இருந்தவருக்கு நிலுவையின்மைச் சான்று வர வேண்டும். அதற்கு ஓராண்டு முன்பே எழுத வேண்டும். ஈட்டிய விடுப்பு 300 நாள் வரை பணமாகும். நம் ஊழியருக்கு 300 நாளும் இருப்பில் இருந்தால் 9,36,200 ரூபாய். ஆகவே விடுப்புக் கணக்கை ஊழியரும் ஒரு முறை கூட்டிப் பார்க்கட்டும். துறை விசாரணை நிலுவையில் இருந்தால் தற்காலிக ஓய்வூதியம் கிடைக்கும். பணிக்கொடை விசாரணை முடியும்வரை நிறுத்தி வைக்கப்படும்.

ஓய்வூதிய ஆணை, அதாவது பி.பி.ஓ., கைக்கு வந்ததும் முதலில் தொகையைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். அதோடு பெயர், பிறந்த தேதி, கடைசிச் சம்பளம், தகுதியான பணிக்காலம், துணையின் பெயரும் பிறந்த தேதியும், கம்யூட்டேஷன் தொகை, முன் ஒப்புதல் பெற்ற பிள்ளையின் பெயர் ஆகியவற்றையும் வரி வரியாகப் பார்க்க வேண்டும். பிழை இருந்தால் அன்றே அலுவலகத் தலைவருக்கு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தை நகலில் வாங்கிக்கொள்ள வேண்டும். கணவனும் மனைவியும் கூட்டாக வைத்திருக்கும் கணக்கில் ஓய்வூதியம் வருமாறு செய்திருந்தால், பின்னாளில் குடும்ப ஓய்வூதியத்தையும் அதே கணக்கில் வாங்கலாம். புதுக் கணக்கு தொடங்கச் சொல்லி வங்கி வற்புறுத்தக் கூடாது.