உயிலில் இரண்டு பெயர்கள்: பிள்ளைகளை வளர்ப்பவர், பணத்தைப் பார்ப்பவர்

கோவையில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவருக்கு 38 வயது, மனைவிக்கு 34. மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள், எல்.கே.ஜி. போகும் மகன். இருவர் பெயரிலும் சரிபாதியாக வாங்கிய ஃபிளாட்டுக்கு இன்னும் வங்கிக் கடன் பாக்கி. கணவர் பெயரில் 12 லட்ச ரூபாய் டெபாசிட், 50 லட்சத்துக்கு ஒரு டெர்ம் பாலிசி. மனைவிக்குக் கொஞ்சம் நகை. கணவரின் அம்மா ஊரில் இளைய மகனோடு இருக்கிறார். உயில் பேச்சை எடுத்தால், "அறுபது வயசுக்கு மேல பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிடும் சராசரி வீடு இது.

கணவர் உயில் எழுதாமல் திடீரென்று இறந்துவிட்டால் அவர் சொத்து மனைவிக்குத்தான் போகும் என்று பலரும் நினைக்கிறார்கள். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மனைவி, மகள், மகன், இறந்தவரின் தாய் ஆகிய நால்வரும் முதல் வகுப்பு வாரிசுகள், நால்வருக்கும் சமபங்கு. ஆக, டெபாசிட்டில் ஆளுக்கு 3 லட்சம். ஃபிளாட்டில் கணவரின் பாதி நான்காகப் பிரிந்து, மொத்த வீட்டில் எட்டில் ஒரு பங்கு மாமியாருக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் போய்விடும். மனைவியின் கையில் எட்டில் ஐந்து பங்குதான் இருக்கும்.

இதனால் என்ன கெட்டுப்போகிறது? கடனைக் கட்ட முடியாமல் வீட்டை விற்க வேண்டி வந்தால் அப்போது தெரியும். 18 வயது நிரம்பாத பிள்ளைகளின் பங்கை அம்மாவே ஆனாலும் நீதிமன்றத்தின் முன் அனுமதி இல்லாமல் விற்கக் கூடாது. மாமியாரும் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குள் அவரும் காலமாகிவிட்டால் அவருடைய பங்கில் கொழுந்தனாருக்கும் உரிமை வந்துவிடும். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாவிட்டாலும், ஒரு கிரயப் பத்திரம் எழுதி முடிக்க மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

இதைவிடக் கடினமான நிலைமை ஒன்று உண்டு. கணவனும் மனைவியும் ஒரே விபத்தில் போய்விட்டால், பிள்ளைகள் யாரிடம் வளர்வார்கள்?

சித்தப்பாவும் வரலாம், பெரியம்மாவும் வரலாம். இரண்டு பேரும் பாசத்தோடுதான் வருவார்கள். ஆனால் உயிலில் பெயர் இல்லையென்றால் யாருக்கும் சட்டப்படி காப்பாளர் என்ற தகுதி தானாக வராது. பிள்ளைகளின் பெயரில் இருக்கும் பணத்தைக் கையாள வேண்டும் என்றால் 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தில் மனுப்போட்டு உத்தரவு வாங்க வேண்டும். இரு வீட்டாரும் ஆளுக்கொரு மனுப்போட்டால், வழக்கு முடியும்வரை பிள்ளைகள் நடுவில் நிற்பார்கள்.

இந்துப் பெற்றோர் உயில் மூலம் காப்பாளரை நியமிக்க 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 9ஆவது பிரிவு வழி செய்கிறது. அதில் ஒரு ஏற்றத்தாழ்வு இருக்கிறது. தந்தை நியமிக்கலாம், ஆனால் அவருக்குப் பின் தாய் உயிரோடு இருந்தால் அந்த நியமனம் செல்லாது, தாயே காப்பாளர். பிறகு தாயும் தன் உயிலில் யாரையும் குறிப்பிடாமல் இறந்தால், தந்தையின் நியமனம் மீண்டும் உயிர்பெறும். தாய்க்கோ, கணவரை இழந்த நிலையிலும், கணவர் காப்பாளராக இருக்கும் தகுதியை இழந்த நிலையிலும்தான் இந்த அதிகாரத்தைச் சட்டம் தருகிறது.

அம்மாவை இரண்டாம் இடத்தில் வைக்கும் இந்தப் போக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கோவையில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன், தன் மகனுக்காக ரிசர்வ் வங்கிப் பத்திரங்கள் வாங்க விண்ணப்பித்தபோது, காப்பாளர் என்ற இடத்தில் தாயின் கையெழுத்து ஏற்கப்படவில்லை. அந்த வழக்கில் 1999இல் தீர்ப்பு வந்தது. 'தந்தைக்குப் பிறகு தாய்' என்பதற்குத் தந்தை இறந்த பிறகு என்று மட்டும் பொருள் கொள்ளக் கூடாது, அவர் பிள்ளையின் பொறுப்பைக் கவனிக்காத நிலையிலும் தாய் இயற்கைக் காப்பாளரே என்று நீதிமன்றம் விளக்கியது. ஆனாலும் 9ஆவது பிரிவின் வாசகம் அப்படியேதான் இருக்கிறது.

நடைமுறையில் இதற்கு எளிய வழி உண்டு. கணவனும் மனைவியும் தனித்தனியாக உயில் எழுதி, காப்பாளர் இடத்தில் இருவரும் ஒரே பெயரைப் போட்டுவிடுவது. யார் முதலில் போனாலும், யாருடைய நியமனம் சட்டப்படி நின்றாலும், அது ஒரே ஆளைத்தான் காட்டும். அந்த ஆள் முடியாது என்று சொன்னாலோ முன்பே காலமாகிவிட்டாலோ பொறுப்பேற்க, மாற்றாக இன்னொரு பெயரும் வேண்டும். இருவரிடமும் முன்கூட்டியே கேட்டுச் சம்மதம் வாங்குவது அவசியம். உயிலில் பெயர் போட்டதனாலேயே யாரையும் கட்டாயப்படுத்த முடியாது.

பிள்ளையை வளர்ப்பவரும் பணத்தைப் பார்ப்பவரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. உடலுக்கு ஒரு காப்பாளர், சொத்துக்கு வேறொரு காப்பாளர் என்று நியமிக்கச் சட்டம் இடம் தருகிறது. நம் கோவைக் குடும்பத்தில் மனைவியின் அக்காவிடம் பிள்ளைகள் ஒட்டுதலாக இருக்கிறார்கள். கணக்கு வழக்கில் கெட்டிக்காரர் கணவரின் தம்பி. பெரியம்மா வளர்க்கட்டும், சித்தப்பா பணத்தைப் பார்க்கட்டும் என்று பிரித்தால் இரண்டு வீடுகளுக்கும் பிள்ளைகள்மேல் உறவு இருக்கும். செலவுக்கு ஒரு கணக்கும் இருக்கும். கணவரின் உயிலில் அந்தப் பத்தி இப்படி அமையலாம்:

"எனக்குப் பின் என் மனைவியும் உயிரோடு இல்லாத நிலையில், என் மைனர் பிள்ளைகளை வளர்க்கும் காப்பாளராக என் மனைவியின் மூத்த சகோதரியை நியமிக்கிறேன். அவரால் இயலாதபோது என் மனைவியின் தம்பி அப்பொறுப்பை ஏற்க வேண்டும். பிள்ளைகளின் சொத்துகளுக்கு என் தம்பி காப்பாளராக இருந்து, படிப்பு, மருத்துவம், வாழ்க்கைச் செலவுகளுக்கு வேண்டிய தொகையை மாதந்தோறும் வளர்ப்பவரிடம் கொடுத்து வர வேண்டும்."

உறவுமுறையோடு ஒவ்வொருவரின் முழுப்பெயர், வயது, தகப்பனார் அல்லது கணவர் பெயர், முகவரி ஆகியவற்றையும் உயிலில் எழுத வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கும் எல்லை உண்டு. பிள்ளையின் நலன்தான் முக்கியம் என்பதால், காப்பாளர் தவறாக நடந்தால் நீதிமன்றம் அவரை நீக்கலாம். பிரிக்கப்படாத பூர்வீகச் சொத்தில் பிள்ளைக்குள்ள பங்குக்கு உயில் மூலம் காப்பாளரை நியமிக்கவும் முடியாது.

அடுத்தது சொத்துப் பங்கீடு. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் பெரும்பாலும் இரண்டே படிகள் போதும். முதல் படியில், கணவர் தன் சொத்து முழுவதையும் மனைவிக்கு எழுதுகிறார். மனைவி கணவருக்கு எழுதுகிறார். இரண்டாம் படி, மற்றவர் முன்பே இறந்திருந்தாலோ 30 நாட்களுக்குள் இறந்தாலோ, எல்லாம் பிள்ளைகளுக்குச் சமமாகப் போக வேண்டும் என்பது. ஒரே விபத்தில் இருவரும் இறந்து, யார் முதலில் போனார் என்று தெரியாவிட்டால், இளையவர் பிந்தி இறந்ததாகச் சட்டம் அனுமானிக்கும். அந்த 30 நாள் வாசகம் இருந்தால் இந்த ஆராய்ச்சி தேவைப்படாது. அம்மாவின் பங்கை எடுத்துவிட்டோமே என்ற உறுத்தல் இருந்தால், டெபாசிட்டில் 3 லட்சம் அம்மாவுக்கு என்று தனியாக எழுதிவிடலாம். அப்போது வீடு சிக்கலில்லாமல் மனைவியிடம் வரும்.

'என் பிள்ளைகள்' என்று எழுதும் இடத்தில் 'இனிப் பிறக்கக்கூடிய பிள்ளைகள் உட்பட' என்று சேர்ப்பது நல்லது. பட்டியலில் விட்டுப்போனவற்றுக்காக, 'மேலே சொல்லாத, இனி நான் சம்பாதிக்கும் சொத்துகள் அனைத்தும்' என்றும் ஒரு வரி வேண்டும். அது இல்லையென்றால், இப்போதைய ஃபிளாட்டை விற்று வேறு வீடு வாங்கும்போது, பழைய வீட்டைப் பற்றிய வாசகம் பயனற்றுப்போகும். புது வீடு உயிலுக்கு வெளியே நிற்கும்.

18 வயதில் அவ்வளவு பணமும் கைக்கு வருவதைப் பல பெற்றோர் விரும்புவதில்லை. அதற்காக "25 வயதில் கொடுக்கவும்" என்று ஒரு வரி எழுதினால் மட்டும் போதாது. சொத்தை முழு உரிமையாகக் கொடுத்துவிட்டு அனுபவிப்பதற்கு மட்டும் நிபந்தனை போட்டால், அந்த நிபந்தனை நிற்பது சந்தேகம். பணத்தை உயில் வழியாகவே ஒரு டிரஸ்டிடம் ஒப்படைக்கும்படி எழுத வேண்டும். இந்த இடத்தில் வழக்கறிஞர் துணை தேவை.

எழுதும் முறை எளிது. வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம். தமிழில் கையால் எழுதினாலும் செல்லும். நல்ல நினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதுவதாகவும், முந்தைய உயில்களை ரத்து செய்வதாகவும் தொடக்கத்தில் சொல்லி, உயிலை நிறைவேற்றப்போகிறவரின் பெயரையும் குறிப்பிட வேண்டும். பிறகு எழுதியவர் கையெழுத்திட, அதைப் பார்த்த சாட்சிகள் இருவர் அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். சொத்துப் பெறுபவர்களைச் சாட்சியாக வைக்காமல் இருப்பதே நல்லது. உயில் நீதிமன்றத்துக்குப் போனால், உயிரோடு இருக்கும் சாட்சிகளில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டும். எழுபது வயது அண்டை வீட்டுக்காரரைவிட நாற்பது வயது நண்பர் பொருத்தம் என்பது அதனால்தான். கையெழுத்துக்குப் பிறகு ஒரு எண்ணைப் பேனாவால் திருத்தினால், அந்தத் திருத்தத்துக்கும் அதேபோல் கையெழுத்தும் சாட்சிகளும் இருந்தால்தான் செல்லும்.

இதுவரை சொன்னது இந்துக் குடும்பங்களுக்கானது. முஸ்லிம்கள் வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. கிறிஸ்தவர்கள் திருமணத்துக்கு முன் எழுதிய உயில் திருமணத்தோடு ரத்தாகிவிடும்.

உயில் எழுதிய கையோடு நாமினி பெயர்களையும் பார்த்துவிட வேண்டும். கல்யாணத்துக்கு முன் திறந்த கணக்கில் அப்பா பெயரோ அண்ணன் பெயரோ இருக்கலாம். நாமினி பணத்தை வாங்கி வைத்திருப்பவர்தான், உரிமையாளர் அல்ல என்று 1983இல் சர்பதி தேவி வழக்கிலும், பங்குகளைப் பொறுத்தவரை 2023இல் இன்னொரு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆயுள் காப்பீட்டில் மட்டும், 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே உரியது என்று சட்டம் எழுதப்பட்டுள்ளது. ஆகவே அந்த 50 லட்ச பாலிசியில் நாமினி யார் என்பது உயிலில் எழுதியதைவிட முக்கியமாகிவிடலாம். மைனர் பிள்ளையை நாமினியாகப் போட்டால், அவர் சார்பில் பணத்தைப் பெறுபவர் பெயரையும் குறிப்பிட வேண்டும். சொத்துக் காப்பாளரான சித்தப்பாவின் பெயரை அங்கே எழுதுவது பொருத்தம்.

உயிலைப் பதிவு செய்வது கட்டாயம் இல்லை. ஆனாலும் சாட்சிகளோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ப் பதிவு செய்தால் ஒரு வசதி உண்டு: அதன் நகல் அங்கே உயில்களுக்கான பதிவேட்டில் ஏறிவிடும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவரும் அவருடைய முகவரும் தவிர வேறு யாரும் நகல் வாங்க முடியாது. அவர் காலத்துக்குப் பின் யாரும் விண்ணப்பித்து வாங்கலாம். மூலம் பீரோவில் தொலைந்தாலும் தடயம் இருக்கும். பதிவு செய்தாலும் செய்யாவிட்டாலும், உயில் எங்கே இருக்கிறது என்பது அதை நிறைவேற்றப்போகிறவருக்கும், பிள்ளைகளை வளர்க்கச் சம்மதித்த பெரியம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.